கட்டிலைக் கழற்றிய பின்பே காசு

உள்ளூர் விளம்பரம் வழியாகப் பழைய மரச்சாமான் வாங்குவோர் பெரும்பாலும் இரண்டு இடங்களில் ஏமாறுகின்றனர்: ஒன்று, பொருளைக் காணுமுன் அனுப்பும் முன்பணம், மற்றொன்று, கண்ட பின்னும் புரட்டிப் பார்க்காமல் விடும் அடிப்பக்கம். சென்னையில் வீடு மாற்றும் ஒருவர் ‘தேக்குக் கட்டில், 12,000 ரூபாய்’ என்று விளம்பரம் செய்திருப்பதாகக் கொள்வோம். ‘பலர் கேட்கிறார்கள், 2,000 ரூபாய் அனுப்பினால் எடுத்துவைக்கிறேன்’ என்று அவர் அவசரப்படுத்தினால், காணொளி அழைப்பில் கட்டிலின் அடிப்பக்கத்தைக் காட்டுமாறு கேட்பதே தக்க மறுமொழி. பொருளே கையில் இல்லாதவர் அதற்குச் சாக்குச் சொல்லி நழுவுவார்.

கட்டிலைப் பொது இடத்துக்குக் கொண்டுவர இயலாது என்பதால், விற்பவரின் வீட்டுக்குப் பகல் வெளிச்சத்தில் துணையோடு செல்வதும், செல்லும் முகவரியை வீட்டாரிடம் சொல்லிவைப்பதும் நன்று. அடுக்குமாடிக் குடியிருப்பாயின், சாமானை வெளியேற்ற உரிமையாளரின் அனுமதிக் கடிதம் வேண்டுமா என்பதைக் காவலாளியிடம் முன்பே கேட்டறிய வேண்டும்.

தேக்கு மரத்தின் உட்பகுதியான வைரம் பூச்சியை எதிர்க்கும். அதைச் சூழ்ந்த வெளிர்நிற வெளிப்பகுதியை வண்டின் புழு எளிதில் துளைக்கும். ஆகவே சட்டங்களின் கீழ் கறுப்புத் தாளை விரித்துத் தட்டும்போது மாவு போன்ற வெளிர்ந்த தூள் உதிர்ந்து, துளையின் விளிம்பும் வெளுப்பாக இருந்தால், உள்ளே புழு இன்னும் இருக்கக்கூடும்; பழைய துளைகளின் விளிம்போ கறுத்திருக்கும். மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகையின் மேல் வெனீர் எனப்படும் மெல்லிய மரத்தாளை ஒட்டியும் ‘தேக்கு’ என விற்பதுண்டு. மேற்பரப்பின் ரேகை ஓரத்திலும் முனையிலும் இயல்பாகத் தொடராமல் அங்கே வேறொரு பட்டை ஒட்டப்பட்டிருந்தால், ஐயப்பட இடமுண்டு.

கால்களைக் கழற்றுவது ஏற்றிச் செல்வதற்காக மட்டுமன்று, அதுவே இரண்டாவது சோதனையுமாகும். பொருத்துகளின் இடுக்கில் மைத்துளி போன்ற கரும்புள்ளிகள் தென்பட்டால் மூட்டைப்பூச்சி குடியிருக்கக்கூடும் என்பதால், எவ்வளவு விலை குறைத்தாலும் அந்தக் கட்டிலை விட்டுவிடுவதே மேல்.

கட்டிலைக் கழற்றிச் சரிபார்த்து, வெளியேற்றும் அனுமதியும் கிடைத்த பின், வண்டியில் ஏற்றுமுன் பணம் செலுத்தலாம். கைபேசிவழிப் பணமாற்றான யுபிஐயில், ரகசிய எண்ணை அழுத்துமுன் திரையில் தோன்றும் பெயர் விற்பவருடையதுதானா என்று பார்த்து, தொகை வந்ததை அவரே உறுதிசெய்த பின், பொருள், தொகை, தேதி குறித்த ஒரு துண்டுச்சீட்டில் கையொப்பம் பெற வேண்டும். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. எனவே முன்பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லிக் கியூஆர் குறியீட்டை அனுப்பி அந்த எண்ணைக் கேட்பவர் மேலும் பணம் பறிக்கவே முயல்கிறார். பணம் போய்விட்டால், பரிவர்த்தனை எண்ணோடு உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அப்பணம் வேறு கணக்குகளுக்கு மாறி மறைய வழிவிடும்.