சட்டைப்பையில் ஆறு வாக்கியம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்காலைகளிலும் உருளை ஆலைகளிலும் வேலை செய்கிறவர்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசத்துக்காரர்கள் ஏராளம். குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகள் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் கதை சற்று வேறு. தைக்கு முன்பின்னாக வந்து, மழைக்கு முன் ஊர் திரும்பிவிடுவார்கள். பிள்ளைக்குக் கிடைப்பது பாதிப் பள்ளியாண்டுதான். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், இந்தப் பிள்ளைகளை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. அதனால் ஊரில் இரண்டாம் வகுப்பையே முழுசாகப் பார்க்காத எட்டு வயதுப் பெண், இங்கே மூன்றாம் வகுப்பு பெஞ்சில், ஒரு சொல்கூடப் புரியாத பேச்சுக்கு நடுவே உட்கார்ந்திருப்பாள். கடவுச்சீட்டு இல்லை என்பதைத் தவிர, அவளுக்கு இது அயல்நாட்டுப் பள்ளிதான்.

அவளுக்காகச் செய்யக்கூடிய ஒரு சின்னப் பொருளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சட்டைப்பையில் அடங்கும் அட்டை. அதில் ஆறு வாக்கியம். பார்த்தால் பத்து நிமிட வேலை போலத் தெரியும். ஆனால் அவசரமாகச் செய்த அட்டை பெரும்பாலும் பையை விட்டு வெளியே வருவதே இல்லை.

முதலில், எந்த ஆறு? நாம் உட்கார்ந்து யோசித்தால் “என் பெயர் இது”, “வணக்கம்”, “நன்றி” என்றுதான் தொடங்குவோம். இவை இல்லாமல் ஒரு குழந்தையின் நாள் கெட்டுப்போகாது. தண்ணீரும் கழிப்பறையும் அப்படியில்லை. கேட்கத் தெரியாத குழந்தை தாகத்தை அடக்கும். பிறகு, கழிப்பறைக்குப் போக நேரக்கூடாது என்று வீட்டிலேயே தண்ணீர் குடிக்காமல் வரத் தொடங்கும். ஆகவே “டீச்சர், தண்ணி குடிக்கலாமா?”, “டீச்சர், பாத்ரூம் போகலாமா?” இரண்டும் மேலே வரவேண்டும். அடுத்து “புரியலே டீச்சர்.” அதற்குத் துணையாக “செஞ்சு காட்டுங்க.” உடம்புக்கு “இங்க வலிக்குது” ஒன்றே போதும். தலை, வயிறு, காது என்று பெயர்கள் தேவையில்லை, குழந்தை கையை வைத்துக் காட்டிவிடும். ஆறாவது, விளையாட்டு நேரத்துக்கு: “நானும் விளையாடலாமா?” தமிழை அவளுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கப்போவது ஆசிரியரைவிடப் பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகள்தான் என்பதால், இதை விட்டுவிடக்கூடாது.

இந்த ஆறிலும் ஒரு பொது விதி இருக்கிறது. எந்த வாக்கியத்துக்கும் வரும் பதில் சொல்லாக இல்லாமல், செய்கையாகவே இருக்கமுடியும். தண்ணீர் குடிக்கலாமா என்றால் ஆசிரியர் கையசைத்து அனுப்பலாம், அல்லது உள்ளங்கையைக் காட்டி “இரு” எனலாம். “பாத்ரூம் எங்கே இருக்கு?” என்று எழுதிக்கொடுத்தால் என்ன ஆகும்? “நேரா போயி, படிக்கட்டுப் பக்கம் திரும்பி...” என்று நீளமாக ஒரு பதில் வரும். கேள்வி கேட்கத் தெரிந்தவளுக்குப் பதிலும் புரியும் என்று எதிரில் இருப்பவர் நினைத்துக்கொள்வார். அட்டையால் வரும் முதல் விபத்து இதுதான். “எங்கே”, “ஏன்”, “எப்போது” என்று தொடங்கும் எதுவும் அட்டையில் வேண்டாம்.

“புரியலே” தனியாகப் போனாலும் சிக்கல். புரியவில்லை என்று சொன்னதும் பெரியவர்கள் அதே வாக்கியத்தைக் கொஞ்சம் சத்தமாகத் திரும்பச் சொல்வார்கள். வகுப்பறையில் மட்டுமல்ல, பேருந்து நிறுத்தத்திலும் இதுதான் நடக்கிறது. சத்தம் கூடினால் குழந்தை திட்டு விழுகிறது என்று நினைக்கும், மறுமுறை அந்த அட்டையை எடுக்காது. அதனால்தான் “செஞ்சு காட்டுங்க” அதன் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது.

இனி எழுத்து. தமிழ் வாக்கியத்தை அவள் படிக்கத் தெரிந்த எழுத்தில் எழுதவேண்டும். பீகாரிலிருந்து வந்தவளுக்கு இந்தி எழுத்து, ஒடிசாப் பிள்ளைக்கு ஒடியா எழுத்து. இந்த இடத்தில்தான் அதிகமான அட்டைகள் கெடுகின்றன. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதும் என்று தோன்றும். செய்து பாருங்கள். நம் டகரத்துக்கு இந்தியில் நேர் எழுத்து என்று வல்லின டகரத்தைப் போட்டால், “குடிக்கலாமா” என்பதில் உள்ள ‘டி’, ‘ரொட்டி’யில் வரும் ‘ட்டி’ போல அழுந்தி வரும். நாம் உயிர்களுக்கு நடுவே டகரத்தை மென்மையாகத்தான் சொல்கிறோம், அது எழுத்தில் தெரியாது. எனவே இந்தியில் ‘டமரு’வுக்குப் போடும் மெல்லிய டகரத்தைத்தான் போடவேண்டும். “வலிக்குது” என்பதில் கடைசித் ‘து’வுக்கும் அப்படியே, ‘தூத்’ என்னும் பாலில் முதலில் வரும் எழுத்து.

“புரியல” என்று முடித்தால் இன்னொரு வம்பு. இந்தியில் சொல்லின் கடைசியில் நிற்கும் அகரத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘ராம’ என்று எழுதி ‘ராம்’ என்பார்கள். அவள் அட்டையைப் பார்த்து “புரியல்” என்று நிறுத்துவாள், யாருக்கும் விளங்காது. ஒடியாவில் நேர்மாறு. கடைசி அகரத்தை விடமாட்டார்கள், ஆனால் அகரமே அவர்கள் வாயில் ஒகரம் போல உருளும். “புரியொலொ” என்று வரும். இரண்டுக்கும் ஒரே மருந்து, வாக்கியத்தை ஏகாரத்தில் முடிப்பது: “புரியலே”. நம் பிள்ளைகளும் அப்படிப் பேசுவதால் காதுக்கு உறுத்தாது. முன்னால் “எனக்கு” போடாததற்கும் இதே போன்ற காரணம்தான். இந்தியில் குறில் எகரத்துக்கு எழுத்து இல்லை, “ஏனக்கு” என்று நீண்டுவிடும். ஒடியா அட்டையில் ‘தண்ணி’யின் முதல் எழுத்தை ஆகாரமாக எழுதினால் நல்லது. அந்த மொழியில் குறில் நெடில் வேறுபாடு ஒலியில் இல்லாததால், அது நம் ‘த’வுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ணகரத்தைப் பற்றி ஒடிசாப் பிள்ளைக்குக் கவலையே வேண்டாம், அவர்கள் ஊரிலும் தண்ணீர் ‘பாணி’தான். பீகார்ப் பிள்ளை “தன்னி” என்பாள். அதைத் திருத்தவேண்டியதில்லை, எல்லாருக்கும் புரியும்.

நம் வீட்டுப் பிள்ளை வெளிநாட்டுக்குப் போகும்போதும் இதே பொறி காத்திருக்கிறது. ஜப்பானில் பள்ளி சேரும் தமிழ்க் குழந்தைக்கு, தண்ணீர் குடிக்கலாமா என்பதை “மிசு நொந்தெமொ ஈ தெஸ்கா” என்று எழுதலாம். எகர ஒகரக் குறில்கள் நம்மிடம் இருப்பதால் இது ஓரளவு நன்றாகவே வரும், ‘மிசு’வில் உள்ள அதிரும் ஒலியை மட்டும் காதால் கற்கவேண்டும். புரியவில்லை என்பதற்கு “வகரிமசென்”. இதைத் தமிழ்ப் பழக்கத்தில் படித்தால் நடுவிலுள்ள ககரம் ‘அகம்’ என்பதில் வருவது போல இளகிவிடும். இளகாதிருக்க “வக்கரிமசென்” என்று எழுதினால் ஒலி அழுத்தமாக இரட்டித்துவிடும். எந்த எழுத்தும் இன்னொரு மொழியின் ஒலியை முழுதாகத் தாங்குவதில்லை. ஆகவே வாக்கியத்தை முதலில் காதால் பழக்கிவிட வேண்டும், அட்டை பிறகு அதை நினைவூட்டும்.

ஒலி சரியா என்று சோதிக்க எளிய வழி உண்டு. அட்டை எழுதியவர் சோதிக்கக்கூடாது, அவருக்கு என்ன எழுதினோம் என்று தெரியும். வகுப்புப் பிள்ளை ஒருவனைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, அவளைப் படிக்கவிடுங்கள். கேட்டதை அவன் திருப்பிச் சொல்லட்டும். “என்ன?” என்று அவன் திரும்பினால் அந்த வரியை மாற்றி எழுதவேண்டும்.

அட்டையின் உடல் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஏ4 தாளை மூன்று முறை மடித்தால் எட்டில் ஒரு பங்கு வரும், 74 மில்லிமீட்டருக்கு 105. அது சட்டைப்பைக்குச் சரி. பாவாடை சட்டையில் பை இல்லாத பெண் குழந்தைகளுக்கு, பள்ளி அடையாள அட்டையின் உறைக்குள் பின்பக்கமாகச் செருகிவிடலாம். வேர்வையில் மை கரையும், லேமினேட் செய்யவேண்டும், முனைகளை உருட்டி வெட்டவேண்டும். படிக்கத் தெரியாத குழந்தைக்காகப் படம் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீருக்கு டம்ளர் போதும். புரியவில்லை என்பதற்குத் தலைமேல் கேள்விக்குறி போடுகிறோமே, அது பள்ளிக்குப் பழகியவர்களுக்கு மட்டுமே அர்த்தமாகும். அந்தக் கட்டத்தை முழுக்கச் சிவப்பாக்கி, சிவப்பைக் காட்டினால் “புரியலே” என்று வகுப்போடு ஒப்பந்தம் செய்துகொள்வது மேல்.

பின்பக்கம் ஆசிரியருக்கானது. அதில் குழந்தையின் மொழி தமிழெழுத்தில் இருக்கட்டும். இந்தி பேசும் பிள்ளையானால், தண்ணீர் குடி என்பதற்கு “பானி பீ லோ”, காட்டு என்பதற்கு “திகாவோ”. புரிந்ததா என்று கேட்கும் “சமஜ் ஆயா?” மட்டும் வேண்டவே வேண்டாம். எல்லாக் குழந்தையும் அதற்கு “ஹா” என்றுதான் தலையாட்டும். “திகாவோ” என்றால் செய்து காட்டவேண்டும், அப்போது புரிந்ததும் புரியாததும் தானே தெரிந்துவிடும்.

அட்டையைக் கொடுத்தும் அவள் சில வாரம் வாய் திறக்காமல் இருக்கலாம். புது மொழிக்குள் இறக்கிவிடப்பட்ட பல குழந்தைகள் இப்படி ஒரு மௌனத்தைக் கடக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், சைகையால் சமாளிக்கிறார்கள். அந்த நாட்களில் “வாயைத் திறந்து சொல்” என்று அட்டையை நீட்டி வற்புறுத்தினால், உதவிக்கு வந்த பொருள் தேர்வுத்தாளாகிவிடும். விரலால் தொட்டுக் காட்டினாலே தண்ணீர் கிடைக்கவேண்டும்.

பிறகு ஒருநாள் சொல்லத் தொடங்குவாள், அதுவும் வாக்கியத்தை முழுசாக, பிரிக்காமல். லில்லி வாங் ஃபில்மோர் என்ற ஆய்வாளர் 1970களில் கலிஃபோர்னியாவில் ஆங்கிலம் தெரியாத ஐந்து பிள்ளைகளை ஒரு பள்ளியாண்டு கூடவே இருந்து கவனித்தார். அவர்கள் இலக்கணத்திலிருந்து தொடங்கவில்லை. கேட்ட வாக்கியங்களை அப்படியே விழுங்கி, பொருந்திய இடத்திலெல்லாம் போட்டுப் பேசினார்கள், நாளாக ஆக அவற்றைத் துண்டாக்கி வேறு சொற்களோடு சேர்த்தார்கள். நம் அட்டையில் குடிக்கலாமா, போகலாமா, விளையாடலாமா என்று மூன்று வரி ஒரே வாலோடு முடிவது அதற்காகத்தான். அவள் என்றைக்காவது “டீச்சர், எழுதலாமா?” என்றோ, தப்பாக “டீச்சர், சாப்பாடுலாமா?” என்றோ கேட்டால், இரண்டும் ஒரே நல்ல செய்தி. அட்டையில் இல்லாத வாக்கியத்தை அவளே கட்டத் தொடங்கிவிட்டாள், இனி அட்டை தேவையில்லை.

ஆனால் அங்கேதான் வேறொரு ஏமாற்றமும் ஒளிந்திருக்கிறது. சரளமாகப் பேசுகிறாளே என்று ஆசிரியர் நிம்மதியாவார், பாடத்தில் அவள் பின்தங்கினால் மந்தம் என்று குறித்துவிடுவார். பேச்சு வழக்கு ஏறக்குறைய இரண்டாண்டில் வந்துவிடும், பாடப்புத்தக மொழியில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும் என்று கனடாவில் ஜிம் கம்மின்ஸ் காட்டியிருக்கிறார். தமிழில் இந்த இடைவெளி இன்னும் அகலம். “புரியலே” என்று சொல்லப் பழகியவள் புத்தகத்தில் “புரியவில்லை” என்றுதான் பார்க்கப்போகிறாள், ‘தண்ணி’ அங்கே ‘நீர்’ ஆகிவிடும். ஆகவே முதல் அட்டை ஓய்ந்த வாரத்திலேயே இரண்டாவதைத் தொடங்கவேண்டும். இந்த முறை தமிழெழுத்தில், ஒரு பக்கம் அவள் பேசும் சொல், மறுபக்கம் புத்தகச் சொல். சூளைப் பிள்ளையானால் அவள் ஊருக்குக் கிளம்பும் முன்பே.