டேங்க்கின் கால் எங்கே ஊன்றுகிறது?

மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க்குக்குத் தூண் எழுப்பும்போது வீட்டுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் வழக்கமாக நடக்கும் பேச்சு ஒன்று உண்டு. “ஒன்பதுக்கு ஒன்பது போதுமா, ஒன்பதுக்குப் பன்னிரண்டாகப் போட்டுவிடலாமா?” தூண் பருமனாக இருந்தால் பாதுகாப்பு அதிகம் என்ற நினைப்பில் பெரும்பாலும் பெரிய அளவே ஜெயிக்கிறது. ஆனால் டேங்க் விஷயத்தில் தூணின் பருமன் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, அந்தத் தூணின் அடி எதன் மேல் ஊன்றுகிறது என்பதுதான்.

சென்னைப் புறநகரில் தரைத் தளமும் முதல் மாடியும் கொண்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தேவை 2000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க். தளத்தின் மேலேயே வைத்தால் முதல் மாடி ஷவருக்கும் டேங்க்கின் அடிப்பகுதிக்கும் ஒரு மீட்டர் உயர வித்தியாசம்தான் கிடைக்கும், தண்ணீர் சொட்டும். அதனால் நான்கு தூண் எழுப்பி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் மேடை கட்டி, அதன் மேல் டேங்க்கை ஏற்றலாம் என்று முடிவாகிறது.

இனி எடைக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. டேங்க்கையும் சேர்த்தால் 2 டன்னுக்குச் சற்று மேல். மேடைத் தளம் 1.8 மீட்டர் சதுரம், 12 சென்டிமீட்டர் கனம் என்றால் அதுவே ஏறக்குறைய ஒரு டன். சுற்றுப் பீம்கள் 0.7 டன், ஒன்பது இன்ச் சதுரத் தூண்கள் நான்கும் சேர்ந்து 0.8 டன். ஆக மொத்தம் நாலரை டன். தண்ணீரைவிட அதைத் தூக்கி நிறுத்தும் கான்கிரீட்டின் எடைதான் கூடுதல். தூணைப் பருமனாக்கினால் இந்த எடை இன்னும் ஏறும்.

நாலரை டன்னை நான்கு தூண்களுக்குப் பங்கிட்டால் தூணுக்கு 1.1 டன் சொச்சம். எம்-20 கான்கிரீட்டில், மூலைக்கு ஒன்றாக நான்கு 12 எம்.எம். கம்பி போட்ட ஒன்பது இன்ச் சதுரத் தூண் எவ்வளவு தாங்கும்? ஐ.எஸ். 456 விதிப்படி கணக்குப் போட்டால், பாதுகாப்புக் குறைப்பெல்லாம் போக 38 டன் வருகிறது. நேர்ச் சுமைக்கு இந்தத் தூண் முப்பது மடங்குக்கு மேல் பெரியது. அப்படியானால் ஆறு இன்ச் போதாதா? சுமைக்குப் போதும். ஆனால் அதில் கம்பி, ரிங், கம்பிக்கு வெளியே மூடும் கான்கிரீட் எல்லாவற்றுக்கும் இடம் பத்தாது. ஜல்லி இறங்காமல் தேன்கூடு விழும். பக்கவாட்டில் வரும் விசைக்கும் அகலம் வேண்டும். ஒன்பது இன்ச் என்பது இந்தக் காரணங்களால் வந்த அளவு.

சிக்கல் தூணுக்குக் கீழே தொடங்குகிறது. டேங்க் மேடையின் தூண்களுக்கு இடையே ஐந்தடி இருந்தால் அதிகம். வீட்டின் தூண்களோ பத்து, பதினைந்து அடி இடைவெளியில் நிற்பவை. எனவே மேலே எழும் நான்கு தூண்களும் கீழே உள்ள நான்கு தூண்களின் நேர் மேலே அமைய வாய்ப்பே இல்லை. எங்கே வசதியோ அங்கே, பல வீடுகளில் அறைக்கு நடு மேலேயே, தூண் ஊன்றிவிடுகிறார்கள்.

ஆட்கள் நடமாடும் மொட்டை மாடித் தளத்துக்கு ஐ.எஸ். 875 சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. துணி காயப்போடுவது, வற்றல் போடுவது, நாலு பேர் உட்கார்ந்து பேசுவது போன்றவற்றுக்கான கணக்கு அது. பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி அறையின் தளத்தில் நம் நாலரை டன்னைச் சீராகப் பரப்பினாலே சதுர மீட்டருக்கு 270 கிலோ ஆகும். அது பரவியும் நிற்பதில்லை. தளம் அதிகமாக வளையும் நடுப்பகுதியில் நான்கு புள்ளிகளில் குத்திட்டு நிற்கிறது. அறுபது எழுபது பேர் தளத்தின் நடுவே நெருக்கியடித்து நின்று, வருடக்கணக்கில் கீழே இறங்காமல் இருப்பதற்குச் சமம் இது. தளம் உடனே இடிந்துவிடாது. கான்கிரீட் நாள்பட்ட சுமைக்கு மெல்ல மெல்லத் தொய்யும். இரண்டு மூன்று வருடத்தில் அறையின் சீலிங் நடுவில் மயிரிழை போன்ற விரிசல் தெரியும். மேலே, சுவரை ஒட்டிய கோட்டில் தளம் பிளந்து மழைநீர் கசியும். தூண்களைச் சுற்றி முன்பு தேங்காத தண்ணீர் தேங்க ஆரம்பிக்கும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் தளம் தொய்கிறது என்று அர்த்தம். பூசி மறைப்பதில் பயனில்லை.

சுமை போக வேண்டிய பாதை வேறு. மேடைத் தளத்திலிருந்து பீம், பீமிலிருந்து தூண், அங்கிருந்து அதே கோட்டில் வீட்டின் தூண், பிறகு ஃபுட்டிங், கடைசியில் மண். வழியில் தளம் குறுக்கிடக் கூடாது. மேல் தூண் வீட்டுத் தூணின் மேல் வர முடியாவிட்டால், தூணுக்குத் தூண் போகும் பீமின் மேலாவது வர வேண்டும்; அந்தப் பீமும் இந்தச் சுமையைக் கணக்கில் சேர்த்துக் கம்பி கட்டியதாக இருக்க வேண்டும். தூணே இல்லாத, ஒன்பது இன்ச் செங்கல் சுவர் தாங்கும் வீடென்றால், சுவருக்குச் சுவர் இரண்டு பீம் ஓட்டி, அவற்றின் மேல் மேடை கட்ட வேண்டும். நாலரை இன்ச் தடுப்புச் சுவரை இதில் சேர்க்கக் கூடாது. சென்னையின் பழைய வீடுகளில் மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளத்தில் எந்தத் தூணும் ஊன்றக் கூடாது.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி மாடிப்படி ஹெட்ரூம். படிக்கட்டு அறையின் நான்கு மூலைத் தூண்களும் எப்படியும் அஸ்திவாரத்திலிருந்து ஹெட்ரூம் கூரை வரை நேராக ஏறி வருகின்றன. மொட்டை மாடியிலிருந்து ஏழெட்டு அடி உயரமும் இலவசமாகக் கிடைக்கிறது. தனி மேடையும் தனித் தூணும் வேண்டாம். கூடுவது டேங்க்கின் 2 டன் மட்டுமே. நம் வீட்டில் படிக்கட்டு அறை 2.4-க்கு 4.5 மீட்டர். ஒரு முனையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி டேங்க்கின் நடுப்புள்ளி அமைந்தால், அந்த முனையின் இரண்டு தூண்களுக்கு ஆளுக்கு 0.8 டன், எதிர்முனைத் தூண்களுக்கு ஆளுக்கு கால் டன்னுக்கும் குறைவு. ஒரே நிபந்தனை, டேங்க் அங்கேதான் வரும் என்பதை வரைபடம் போடும்போதே சொல்லிவிட வேண்டும். டேங்க்கின் அடியில் சதுர மீட்டருக்கு 1300 கிலோ அழுத்தம் விழும். அதற்கேற்பக் கம்பியை நெருக்கிக் கட்ட வேண்டும். கட்டி முடித்த பிறகு ஞாபகம் வந்தால் அந்தக் கம்பியை உள்ளே சேர்க்க வழியில்லை.

ஃபுட்டிங் தாங்குமா என்ற பயம் பலருக்கு உண்டு. நம் கணக்கில் படிக்கட்டுத் தூண் ஒன்று ஏற்கெனவே 20 டன் சுமக்கிறது, நாலடிச் சதுர ஃபுட்டிங்கில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மண்ணின் மேல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 14 டன். அதில் 0.8 டன் சேர்ந்தால் 14.5 டன்கூட வராது. மண் சோதனையில் 15 டன் தாங்கும் என்று வந்திருந்தால் இது அடங்கிவிடும். 2000 லிட்டர் டேங்க்கால் அஸ்திவாரம் சிரமப்படுவது அபூர்வம். அடுக்குமாடியில் 10,000 லிட்டரை ஒரே மூலையில் குவிக்கும்போதும், களிமண்ணிலும், குளத்தை நிரவிய மனையிலும் கணக்கு மாறும்.

இதுவரை பார்த்தது கீழ்நோக்கிய சுமை. தூணைச் சாய்ப்பது பக்கவாட்டு விசை. கட்டடத்தின் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் டேங்க் போன்றவை நில அதிர்வில் கட்டடத்தைவிட அதிகமாக ஆடும் என்பதால், அவற்றுக்கு வழக்கமான கிடைவிசைக் குணகத்தைப் போல் ஐந்து மடங்கு எடுக்கச் சொல்கிறது ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பு. அதன்படி சென்னை மூன்றாம் மண்டலம். சாதாரணச் சட்டகம் கொண்ட வீட்டில் இது எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை போகும். நம் ஒன்றரை மீட்டர் மேடையில் அப்படியானால் சுமார் 1.4 டன் பக்கவாட்டில் இழுக்கும். அந்த நேரத்தில் ஒரு பக்கத்துத் தூண்களின் சுமை 1.1 டன்னிலிருந்து 2 டன்னை நெருங்கும். எதிர்ப்பக்கத் தூண்களில் அரை டன்கூட மிஞ்சாது. இதையும் ஒன்பது இன்ச் தூண் தாங்கும், அதன் அடி சரியாகப் பிடிபட்டிருந்தால்.

அந்தப் பிடிப்புதான் பல இடங்களில் இருப்பதில்லை. தளத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, அதன் மேல் தூண் கம்பியை நிறுத்தி, கான்கிரீட் ஊற்றிவிடுகிறார்கள். பார்வைக்குத் தூண், உண்மையில் தளத்தின் மேல் வைத்த பொம்மை. தூணின் கம்பி கீழே உள்ள வீட்டுத் தூணிலிருந்தே தொடர்ந்து வர வேண்டும், இல்லையேல் அதனோடு சேர்த்துக் கட்டப்பட வேண்டும். 12 எம்.எம். கம்பிக்கு எம்-20 கான்கிரீட்டில் குறைந்தது இரண்டேகால் அடி நீளம் ஒன்றோடொன்று படிந்திருக்க வேண்டும். ரிங் இடைவெளி 12 எம்.எம். கம்பிக்கு ஏழரை இன்ச்சைத் தாண்டக் கூடாது. அடியிலும் தலையிலும் இன்னும் நெருக்கம் நல்லது. பிற்காலத்தில் மேடை கட்டுபவர்கள் பீமில் துளையிட்டு, தூசியை ஊதி எடுத்து, கெமிக்கல் ஆங்கர் பசையில் கம்பி நட வேண்டும். வெறும் சிமென்ட் பாலில் நட்டால் கம்பி பிடிக்காது.

காலி டேங்க்குக்குப் புயல் எதிரி. 2000 லிட்டர் டேங்க் வெறுமையாக அறுபது கிலோ இருந்தால் அதிகம். சென்னைக்கு விதி சொல்லும் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். அதில் டேங்க்கின் மேல் இருநூறு கிலோவுக்கு மேல் தள்ளும். எனவே புயல் எச்சரிக்கை வந்ததும் டேங்க்கை நிரப்பி வைக்க வேண்டும். மேடையில் கொக்கி வைத்துப் பட்டையால் கட்டியிருந்தால் இன்னும் நல்லது.

கட்டி முடித்த வீட்டில் என்ன பார்க்கலாம்? தூணின் அடியில் படுக்கைவாட்டில் சுற்றிவரும் கோடு தெரிந்தால் அங்கே பிடிப்பு இல்லை. மூலையில் நெட்டுக்குத்தாகத் துருநிற விரிசல் ஓடினால் உள்ளே கம்பி அரிக்கிறது. பெரும்பாலும் டேங்க் வழிந்து அந்தத் தூண் எப்போதும் நனைந்திருக்கும். இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டு என்றால் தளத்தைத் தொடும் பாதத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கடலோர ஊர்களில் பெயின்ட் மட்டும் மிஞ்சியிருக்கும்.

அறைக்கு நடுவில் ஏற்கெனவே தூண் ஊன்றிவிட்டவர்கள், இன்ஜினீயர் வந்து பார்க்கும்வரை மிதவை வால்வைத் தாழ்த்திப் பாதி டேங்க் மட்டும் நிரம்பும்படி வைக்கலாம். ஒரு டன் உடனே குறையும். பிறகு 2000 லிட்டர் டேங்க்கை எடுத்துவிட்டு, இரண்டு 1000 லிட்டர் டேங்க்குகளை வீட்டுத் தூண்களை ஒட்டிய வெவ்வேறு மூலைகளில், கனமான மேடை இல்லாமல், பீமுக்கு மேல் ஓரிரு அடி உயரத் தட்டையான திட்டில் உட்கார வைத்துக் குழாயால் இணைக்கலாம். ஷவரில் வேகம் குறையும். அதற்கு ஒரு சிறிய பிரஷர் பம்ப் போதும். தளத்தைத் திரும்பப் போடும் செலவோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு.