ரிப்பனை விட்டு கண்ணைப் பாருங்கள்

குளித்து, முடி வெட்டி, கழுத்தில் ரிப்பன் கட்டிய ஷிட்ஸு நாய்: செல்லப்பிராணி அழகு நிலையங்கள் பதிவிடும் வழக்கமான படம் இது. விழியின் வெள்ளை பிறைபோல் ஓரத்தில் தெரிந்து, காதுகளும் பின்னால் ஒட்டியிருந்தால் அந்த நாய் பெரும்பாலும் பயந்திருக்கிறது. உடல் தளர்ந்து, பார்வை மென்மையாக இருக்கும் இடைவேளையில், ஃப்ளாஷ் போடாமல், நாயின் கண் மட்டத்தில் எடுத்த படமே நம்பத் தக்கது.

படத்தோடு எழுதுவது இன்னும் முக்கியம். ‘அன்பாகக் கையாள்வோம்’ என்பதில் தகவலே இல்லை. சிக்குப் பிடித்த ஷிட்ஸு ஒன்று வந்ததாக வைத்துக்கொள்வோம். பதிவு இப்படி இருக்கலாம்: “காதுக்குப் பின்னும் அக்குளிலும் முடி தோலோடு ஒட்டிக் கட்டியாகியிருந்தது. நனைத்தால் சிக்கு இறுகும், சீவினால் வலிக்கும். உரிமையாளரிடம் கேட்டு, முதலில் ஒட்ட மழித்தோம். அடியில் தோல் சிவந்திருந்தது. மருத்துவரிடம் காட்டச் சொன்னோம். பாதியில் நாய் நடுங்கியதால் நிறுத்தி, மீதியை மறுநாள் செய்தோம்.”

அழகான படம் கிடைக்காத நாள்தான். ஆனாலும் இந்தப் பதிவுதான் வேலை தெரிந்தவரைக் காட்டுகிறது.

மேசையில் கழுத்து வளையம் மாட்டிய நாயை ஒரு நொடிகூடத் தனியே விடக் கூடாது. குதித்தால் கழுத்து இறுகிவிடும். கூண்டுக்குள் சூடான காற்றில் உலர்த்துவதும் ஆபத்து. பக், ஷிட்ஸு போன்ற தட்டை மூக்கு நாய்கள் மூச்சு வாங்கி உடலைக் குளிர்விக்கத் திணறும். உலர்த்தும்போது அருகில் யார் நிற்கிறார், காற்று சூடானதா என்பதையும் பதிவில் எழுதலாம். எழுதாத இடத்தில் உரிமையாளர் கேட்டே ஆக வேண்டும்.