ஐம்பதை எடுத்தால் யார் வருவது?

பைனரி சர்ச் ட்ரீயில் ஒவ்வொரு கணுவுக்கும் இடப்பக்கம் சிறிய எண்கள், வலப்பக்கம் பெரியவை. உச்சியில் 50 இருக்கிறது. அதன் பிள்ளைகள் 30, 70. முப்பதுக்கு இடப்பிள்ளை 20 மட்டும். எழுபதுக்கு 60, 80. அறுபதின் வலப்பக்கம் 65.

இருபதை நீக்குவது சுலபம்: அது இலை, முப்பதிலிருந்து வரும் இணைப்பை அறுத்தால் போதும். அதற்குப் பதில் முப்பதை நீக்கினால், அதன் ஒரே பிள்ளையான இருபதை நேராக ஐம்பதோடு இணைத்துவிடலாம்.

சிக்கல் ஐம்பதில்தான். இரண்டு பிள்ளைகள்; இடம் காலியானால் மரம் உடைந்துவிடும். தாமஸ் ஹிபார்ட் 1962-இல் வெளியிட்ட வழி இது: வலப்பக்கம் ஒரு படி இறங்கி, பிறகு இடப்பக்கமாகவே முடிந்தவரை போக வேண்டும். கிடைப்பது 60, அதாவது ஐம்பதுக்கு அடுத்த பெரிய எண். அதை உச்சியில் எழுதிவிட்டு, பழைய அறுபதை நீக்க வேண்டும். அதற்கு இடப்பிள்ளை இருக்கவே முடியாது. இருந்திருந்தால் இன்னும் இறங்கியிருப்போமே! ஆகவே மிஞ்சுவது எளிய வேலைதான்: 65 எழுபதின் இடப்பிள்ளையாகிறது.

பலர் கோட்டைவிடுவது இந்த அறுபத்தைந்தைத்தான். மரத்தை இடம், நடு, வலம் என்று வாசித்தால் 20, 30, 60, 65, 70, 80 வர வேண்டும். 65 வராவிட்டால் இணைப்பு எங்கோ அறுந்திருக்கிறது.