'ம்' கொட்டும் இடத்தில் படம் மாறட்டும்

எங்கள் வீட்டில் ராத்திரிக் கதை ஆச்சியின் பொறுப்பு. மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, ஒரு நாள் ஆச்சி கதை சொல்லச் சொல்ல என் செல்போனில் பதிவு செய்துகொண்டேன். நிலாவைப் பிடிக்க மலையேறிப் போன ஆட்டுக்குட்டியின் கதை. மொத்தம் 6 நிமிடம் 20 விநாடி. அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் கதையை மகள் ஒன்பது தாள்களில் வரைந்து முடித்துவிட்டாள். ஆச்சியின் குரலையும் அந்த ஒன்பது தாள்களையும் சேர்த்து நாலு நிமிடப் படம் ஒன்று செய்தோம். அதில் நான் கற்றுக்கொண்டவை இவை.

முதலில் ஒலி, பிறகுதான் படம். அமெரிக்காவின் ஜான் ஹப்லி, ஃபெய்த் ஹப்லி தம்பதி 1959-இல் 'மூன்பேர்ட்' என்ற அனிமேஷன் குறும்படத்தை இப்படித்தான் எடுத்தார்கள். தங்கள் மகன்கள் இருவரும் விளையாட்டாகப் பேசியதைப் பதிவு செய்து, அந்தப் பேச்சுக்கு ஏற்றபடி ஓவியங்களை அமைத்தார்கள். ராத்திரியில் ஒரு பறவையைப் பிடிக்கக் கிளம்பும் இரண்டு சிறுவர்களின் கதை. பிள்ளைகளின் திக்கலும் தடுமாற்றமும் அப்படியே இருக்கும். அதற்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. ஓவியம் வரைந்தது பெரியவர்கள்தான் என்றாலும், படத்தை நடத்திச் சென்றது குழந்தைகளின் குரல்.

நான் செய்த முதல் தவறு, குரலை 'சுத்தம்' செய்ததுதான். ஆச்சி ஒவ்வொரு வாக்கியம் முடிக்கும்போதும் மகள் 'ம்' கொட்டுவாள். அவை இடைஞ்சல் என்று நினைத்து எல்லாவற்றையும் வெட்டி எடுத்தேன். கேட்டுப் பார்த்தால், ஆச்சி யாருக்கும் சொல்லாமல் சுவரைப் பார்த்துப் பேசுவது போல இருந்தது. அசல் பதிவை எடுத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை இருமல், தண்ணீர் கேட்டது, ஒரே வரியை இரண்டு முறை சொன்னது ஆகியவற்றை மட்டும் நீக்கினேன். 4 நிமிடம் 10 விநாடி மிஞ்சியது. அசல் பதிவின் நகல் ஒன்றைத் தொடாமல் தனியாக வைத்திருந்ததால் தப்பித்தேன்.

அடுத்தது மின்விசிறிச் சத்தம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் Noise Reduction என்றொரு வசதி உண்டு. யாரும் பேசாமல் விசிறி மட்டும் கேட்கும் ஒன்றிரண்டு விநாடியைத் தேர்ந்தெடுத்து Get Noise Profile என்பதை அழுத்தினால், எது இரைச்சல் என்று அது தெரிந்துகொள்ளும். பிறகு பதிவு முழுவதிலும் அந்த இரைச்சலைக் குறைக்கும். அளவு மீறினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் குழறும். எங்கள் பதிவில் இன்னொன்றும் நடந்தது. அளவைக் கூட்டியதும் மகளின் மெல்லிய 'ம்' விசிறியோடு சேர்ந்து காணாமல் போனது. 'ம்' தெளிவாகக் கேட்கும் அளவோடு நிறுத்திக்கொண்டேன். விசிறி கொஞ்சம் கேட்கத்தான் செய்தது. அதனால் நஷ்டமில்லை. வெட்டிய இடங்களில் வெறும் நிசப்தம் விழுந்தால் விசிறி சட்டென்று நின்று மறுபடி ஓடுவது போலக் காது இடறும். பதிவிலிருந்தே ஒரு துண்டு விசிறிச் சத்தத்தை எடுத்து அந்த இடைவெளிகளில் நிரப்பினேன்.

இனி ஓவியங்கள். முதலில் செல்போனில் இருக்கும் ஆவண ஸ்கேன் செயலியால் படமெடுத்தேன். தாள் பளிச்சென்று வெள்ளையாக வந்தது, ஆனால் நிலாவைக் காணோம். எழுத்து தெளிவாகத் தெரிவதற்காக அந்தச் செயலி வெளிர் நிறங்களை வெள்ளையாக்கிவிடும். மகள் மஞ்சள் கிரயானால் லேசாகத் தீட்டியிருந்த நிலா அதில் அழிந்துபோயிருந்தது. ஸ்கேன் செய்ததையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் இது கண்ணில் படாது. ஜெராக்ஸ் கடையில் சாதாரண ஸ்கேனரில் வண்ணப் புகைப்படமாக எடுத்ததும் நிலா திரும்பி வந்தது. தாளின் சொரசொரப்பும் கூடவே வந்தது, அதை அப்படியே விட்டுவிட்டேன்.

ஸ்கேன் செய்யும்போது 600 டிபிஐ கேளுங்கள். காரணம் எளிய கணக்கு. 4 நிமிடம் 10 விநாடி என்பது 250 விநாடி. ஒன்பது தாள்களுக்குப் பங்கிட்டால் ஒரு படம் ஏறக்குறைய 28 விநாடி திரையில் நிற்கும். அவ்வளவு நேரம் ஒரே படத்தைப் பார்க்கக் கண் பொறுக்காது. ஆகவே ஒரே தாளிலிருந்து இரண்டு மூன்று காட்சிகளை எடுக்க வேண்டும்: முதலில் முழு மலை, பிறகு ஆட்டின் முகம், பிறகு குளம்பு. ஃபுல் எச்டி திரையின் அகலம் 1920 புள்ளிகள். ஏ4 தாளை 300 டிபிஐயில் எடுத்தால் நீளவாக்கில் சுமார் 3500 புள்ளிகள்தான் கிடைக்கும், பாதித் தாளைவிட நெருங்கிப் போனால் படம் மங்கும். 600-இல் 7000 புள்ளிகள் கிடைக்கும், கால்பங்கு வரை நெருங்கலாம். ஒன்பது தாள்களிலிருந்து 22 காட்சிகள் எடுத்தோம். ஒரு காட்சிக்குச் சராசரியாக 11 விநாடி.

காட்சியை எங்கே மாற்றுவது? அதற்கு விடை பதிவிலேயே இருந்தது. "மலை மேல ஏறுச்சாம்" என்று ஆச்சி நிறுத்துவார். 'ம்' வரும். அடுத்த வரி தொடங்கும். அந்த 'ம்' முடிகிற இடத்தில் படத்தை மாற்றினால் மாறியதே தெரியவில்லை. வாக்கியத்தின் நடுவில் மாற்றியபோதெல்லாம் உறுத்தியது. ஒரே ஒரு விதிவிலக்கு, ஆச்சரியம் வரும் இடம். உச்சியில் ஏறிப் பார்த்தால் நிலா வானத்தில் இல்லை, கீழே குளத்தில் கிடக்கிறது. குளத்தின் படத்தை அந்தச் சொல்லுக்கு முன்பே காட்டிவிட்டால் கதையை நாமே போட்டு உடைத்தது போலாகும். ஆச்சி "குளத்துக்குள்ள கெடக்கு" என்று சொல்லி முடித்து அரை விநாடி கழித்துத்தான் குளத்தைக் காட்டினோம்.

அசைவை மிகக் குறைவாகத்தான் வைத்தோம். பெரும்பாலான காட்சிகளில் படம் மெல்ல நெருங்கும், அவ்வளவுதான். ஆடு மலையேறும் ஒரு காட்சியில் மட்டும் ஆட்டைத் தனியாக நகர்த்த ஆசைப்பட்டோம். கணினியில் ஆட்டை வெட்டியெடுத்தால் அது நின்ற இடத்தில் மலையில் ஓட்டை விழுகிறது. அதனால் மகளிடம் கேட்டு, வெறும் மலையை ஒரு தாளிலும் ஆட்டை இன்னொரு தாளிலும் வரைந்து வாங்கினேன். புதிய ஆட்டுக்கு ஐந்து கால். பழைய ஆட்டுக்கு நான்குதான். "ஏறும்போது கால் வேகமா போகும்ல" என்றாள். ஐந்து காலோடுதான் அது படத்தில் ஏறுகிறது.

கடைசியில் ஒரு சிக்கல் இருந்தது. பதிவின் இறுதியில் 'ம்' தேய்ந்துகொண்டே போகிறது. இரண்டு வரிக்கு ஒன்று, பிறகு நான்கு வரிக்கு ஒன்று, பிறகு இல்லை. "ஏட்டி, தூங்கிட்டியா?" என்று ஆச்சி கேட்கிறார். பதில் இல்லை. கதை அங்கேயே நின்றுவிட்டது. ஆட்டுக்குட்டி குளத்தருகே என்ன செய்தது என்று ஆச்சி சொல்லவேயில்லை.

ஆனால் ஒன்பதாவது தாள் இருந்தது. குளக்கரையில் ஆட்டுக்குட்டி படுத்துத் தூங்குகிறது, தண்ணீருக்குள் நிலாவும் கண்ணை மூடியிருக்கிறது. ஆச்சியின் கேள்விக்குப் பிறகு அந்தப் படத்தைப் பத்து விநாடி அசையாமல் நிறுத்தினோம். பின்னால் விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்கும்.