ஓவியத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு அட்டை

நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில், ஓர் ஓவியத்தின் முன் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். 2001இல் வெளியான அந்த ஆய்வின்படி சராசரி 27 விநாடி. அவர்களில் பாதிப்பேர் 17 விநாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். நூறு சொற்களை வாசித்து முடிக்கவே ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். சுவரில் ஓவியத்துக்குப் பக்கத்தில் ஒட்டப்படும் விளக்க அட்டை ஏன் நூறு சொல்லைத் தாண்டக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. அட்டை நீண்டால், அந்த நேரம் ஓவியத்திடமிருந்துதான் பறிபோகும்.

இயற்கைக் காட்சி ஓவியம் என்றால் எழுதுபவருக்குச் சிக்கல் கூடுதல். தெய்வமோ அரசரோ போரோ இருந்தால் சொல்ல ஒரு கதை கிடைக்கும். மரம், ஆறு, வானம் மட்டும் இருக்கும்போது கை தானாக, ‘ஒளியும் நிழலும் இழையும் எழில்மிகு காட்சி’ என்று எழுதத் தொடங்குகிறது. இந்த வரியைப் பக்கத்து ஓவியத்தின் கீழே ஒட்டினாலும் பொருந்தும். அப்படிப் பொருந்தினால் அந்த வரியைத் தயங்காமல் அடித்துவிட வேண்டும்.

லண்டன் நேஷனல் கேலரியில் தொங்கும் ஓர் ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். ஜான் கான்ஸ்டபிள் வரைந்த ‘தி ஹே வெய்ன்’. உயரம் 130 சென்டிமீட்டர், அகலம் 185. ஆழமில்லாத ஆற்றில் ஒரு குதிரை வண்டி. கரையில் ஒரு நாய். இடப்பக்கம் ஒரு வீடு. மேலே மேகங்கள் திரண்ட பெரிய வானம். அதற்கு அட்டை இப்படி இருக்கலாம்:

ஜான் கான்ஸ்டபிள் (1776–1837)
தி ஹே வெய்ன், 1821
கித்தானில் எண்ணெய் வண்ணம்

வலப்பக்கம் தூரத்து வயலைப் பாருங்கள். சிலர் காய்ந்த புல்லை வண்டியில் ஏற்றுகிறார்கள். ஆற்றுக்குள் இறங்கியிருக்கும் இந்த வெற்று வண்டி அங்கேதான் போகிறது. இடம், இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் உள்ள ஃப்ளாட்ஃபோர்டு. கான்ஸ்டபிளின் அப்பா அங்கே மாவு ஆலை வைத்திருந்தார். இடப்பக்க வீட்டில் குடியிருந்தவர் வில்லி லாட் என்ற உழவர். ஊரில் தீட்டிய சிறு ஓவியங்களைப் பார்த்து, லண்டனில் தன் ஓவியக்கூடத்தில் கான்ஸ்டபிள் இதை வரைந்தார். அங்கே விலைபோகாத இப்படம் 1824இல் பாரிஸில் தங்கப் பதக்கம் பெற்றது.

மேல்வரிகளைச் சேர்த்தாலும் நூறுக்கு வெகு கீழே நிற்கிறது. முதல் வாக்கியம் கண்ணை உடனே அட்டையிலிருந்து ஓவியத்துக்குத் திருப்புகிறது. வயலில் வேலை செய்பவர்கள் மிகச் சிறிய உருவங்கள். சொல்லாவிட்டால் பலர் கவனிக்கவே மாட்டார்கள். அவர்களைக் கண்டுகொண்ட பிறகுதான் வண்டி ஏன் காலியாக இருக்கிறது என்பது விளங்கும். ஓவியரைப் பற்றிய செய்தி அதற்குப் பிறகு வந்தால் போதும். ‘1776ஆம் ஆண்டு பிறந்த கான்ஸ்டபிள்’ என்று தொடங்கியிருந்தால் பார்வையாளர் வண்டியிடம் வந்து சேர்வதற்குள் அவரது 17 விநாடி தீர்ந்திருக்கும்.

விட்டுவிட்டவை இன்னும் கடினமான முடிவுகள். முன்புறக் கரையில் ஒரு பீப்பாயை வரைந்து, பிறகு அதன் மேல் வண்ணம் பூசி மூடினார் கான்ஸ்டபிள். அதன் சாயல் இன்று மங்கலாகத் தெரிகிறது. அருமையான தகவல்தான். ஆனால் அதைச் சேர்த்தால் கண் வயலை விட்டுக் கரைக்கு ஓடும். வண்டியின் கதை அறுந்துபோகும். வண்டி தண்ணீரில் நிற்பது மரச் சக்கரங்கள் நனைந்து இறுகுவதற்காக என்றும் சொல்வதுண்டு. ஓவியம் அதை உறுதி செய்யவில்லை, ஆகவே அதற்கும் இடமில்லை. சுவரில் ஒட்டியதை மக்கள் உண்மை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

எழுத்து நன்றாக இருந்தும் அட்டை தோற்பதுண்டு. எழுத்து மிகச் சிறியதாக இருக்கலாம். சாம்பல் எழுத்து வெள்ளைத் தாளில் மங்கியிருக்கலாம். வாசிப்பவரின் நிழலே அட்டையில் விழலாம். சக்கர நாற்காலியில் வருபவருக்கு எட்டாத உயரத்தில் இருக்கலாம். ஒட்டுவதற்கு முன் சாதாரணத் தாளில் அச்சிட்டு ஓவியத்தின் பக்கத்தில் வைத்து, துறைக்குச் சம்பந்தமில்லாத நாலைந்து பேரை வாசிக்கச் சொன்னால் இவை தெரிந்துவிடும். அவர்கள் சொல்லும் பாராட்டை விட அவர்களின் கழுத்தைக் கவனிக்க வேண்டும். வாசிக்கும்போது ஒருமுறையாவது தலை ஓவியத்தின் பக்கம் திரும்புகிறதா? திரும்பவில்லை என்றால் முதல் வாக்கியத்தை மாற்றி எழுத வேண்டும்.

அடுத்த முறை ஏதேனும் கலைக்கூடத்துக்குப் போகும்போது நீங்களும் இதைச் சோதித்துப் பாருங்கள். அட்டையை வாசித்த பிறகு, முன்பு காணாத ஒன்றையாவது ஓவியத்தில் கண்டீர்களா? இல்லை என்றால் வாசலில் இருக்கும் கருத்துப் பதிவேட்டில் எந்த ஓவியம், எந்த வரி என்று குறிப்பிட்டு எழுதிவிட்டு வாருங்கள்.