ஸ்பெயின் ஆலையில் ஒப்பந்தம் போடும்போது

ஸ்பெயினில் ஓர் இறைச்சி ஆலையில் பொட்டலம் கட்டும் வேலைக்கு வருகிறார் வெளிநாட்டிலிருந்து வந்த இளைஞர் ஒருவர். காய்கறி வாங்கவும் வழி கேட்கவும் போதுமான ஸ்பானிஷ் அவருக்குத் தெரியும். ஒப்பந்தத்தின் ஸ்பானிஷ் அப்படிப்பட்டதல்ல. பல இடங்களில் எண்ணே இருக்காது, "கொன்வேனியோப்படி" என்று மட்டும் எழுதியிருக்கும். கொன்வேனியோ என்பது அந்தத் தொழிலுக்காகத் தொழிற்சங்கமும் முதலாளிகளும் போட்டுக்கொண்ட கூட்டு ஒப்பந்தம். அது அவர் கையில் இருக்காது.

அவருக்கு விளக்க உட்காரும் சக தொழிலாளி சட்டச் சொற்களை மொழிபெயர்க்கப் போனால் இருவரும் களைத்துப்போவார்கள். சிறு ஸ்பானிஷ் கேள்விகளாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதியோ எண்ணோ எழுதி வாங்குவதே சரியான வழி.

முதல் கேள்வி, "அஸ்தா கே தியா?" எந்த நாள் வரை? இது பெரியோதோ தே ப்ருவேபா எனப்படும் தகுதிகாண் காலம் பற்றியது. கொன்வேனியோ வேறு எதுவும் சொல்லாவிட்டால், பட்டப்படிப்புத் தகுதி தேவைப்படாத வேலைகளுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சம் 2 மாதம். ஆலையில் 25 பேருக்கும் குறைவாக இருந்தால் 3 மாதம். மார்ச் 2ஆம் தேதி சேர்பவருக்கு இரண்டு மாதம் என்றால் மே 1 வரை. அந்த நாளை ஒப்பந்தத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக் கொடுத்துவிடலாம். அதுவரை ஆலையும் அவரை அனுப்பலாம், அவரும் போகலாம். காரணமோ முன்னறிவிப்போ இழப்பீடோ வேண்டியதில்லை. ஆனால் வேலை செய்த நாட்களுக்கான கூலி முழுதாக வரவேண்டும். கர்ப்பமாக இருப்பதற்காகவோ இனம், மதம் பார்த்தோ அனுப்பினால் அது செல்லாது. தகுதிகாண் காலம் எழுத்தில் இல்லை என்றால் அது இல்லவே இல்லை. அதே ஆலையில் அதே வேலையை முன்பே பார்த்தவருக்கு மறுபடி தகுதிகாண் காலம் போடுவதும் செல்லாது.

அடுத்தது ப்ரெயாவீசோ, அதாவது முன்னறிவிப்பு. "கோன் குவாந்தோஸ் தியாஸ்?" எத்தனை நாளுக்கு முன்? தொழிலாளி தானே விலகுவதற்கு எத்தனை நாள் என்பதைக் கொன்வேனியோவே சொல்லும். 15 நாள் என்பது பரவலாகக் காணப்படுவது. அக்டோபர் 31 கடைசி நாள் என்றால் 16ஆம் தேதிக்குள் கடிதம் கொடுத்துவிட வேண்டும். 26ஆம் தேதிதான் கொடுத்தார் என்றால் பத்து நாள் குறைகிறது. கொன்வேனியோவில் அதற்கான விதி இருந்தால், கடைசிக் கணக்கில் பத்து நாள் கூலியைப் பிடித்துக்கொள்வார்கள். கடிதத்தின் நகலில் தேதியும் பெற்றுக்கொண்டவர் கையெழுத்தும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வரக்கூடாது.

ஓராஸ் எக்ஸ்த்ரா எனப்படும் மிகைநேரத்தில்தான் பணம் சத்தமில்லாமல் நழுவுகிறது. "சே பாகா ஓ சே தெஸ்கான்சா?" காசா, ஓய்வா? கொன்வேனியோவும் ஒப்பந்தமும் இதைப் பற்றிப் பேசாவிட்டால் ஓய்வுதான். அதுவும் நான்கு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். காசு என்றால் சாதாரண மணிக்கூலிக்குக் குறையக்கூடாது. ஒன்றரை மடங்கு, இரட்டைக் கூலி என்று ஸ்பெயினின் சட்டம் எதையும் கட்டாயமாக்கவில்லை. கூடுதல் விகிதம் கொன்வேனியோவில் இருந்தால்தான் உண்டு.

அந்தச் சாதாரண மணிக்கூலி எது? இளைஞரின் ஆண்டுச் சம்பளம் 19,360 யூரோ, ஆண்டு வேலைநேரம் 1,760 மணி என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் மணிக்கு 11 யூரோ. ஸ்பெயினில் பலருக்கு ஆண்டுச் சம்பளம் 14 பங்காக வரும். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு, மீதி இரண்டு கோடையிலும் கிறிஸ்துமஸிலும். அந்த இரண்டு பங்கை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் மணிக்கு 9.43 யூரோதான் வரும். 12 மணி மிகைநேரத்துக்கு 18 யூரோவுக்கு மேல் காணாமல் போயிருக்கும். சம்பளச் சீட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வகுத்தல் கணக்குப் போதும்.

காசாகக் கொடுக்கும் மிகைநேரம் ஆண்டுக்கு 80 மணியைத் தாண்டக்கூடாது. நான்கு மாதத்துக்குள் ஓய்வாகத் திருப்பிக் கொடுத்த மணிகள் இதில் சேராது. ஒப்பந்தத்திலோ கொன்வேனியோவிலோ ஒப்புக்கொண்டிருந்தாலொழிய, மேற்பார்வையாளர் கேட்டதற்காக நின்றே ஆகவேண்டும் என்பதில்லை. ஆகவே "மிகைநேரம் செய்யச் சம்மதிக்கிறேன்" என்ற வரி அந்தத் தாளில் இருக்கிறதா என்று விளக்குபவர் விரல் வைத்துத் தேட வேண்டும். புதியவர் அதன் பொருள் தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்.

மிகைநேரம் செய்ததற்குச் சான்று? 2019 மே 12 முதல் ஒவ்வொரு தொழிலாளியும் எப்போது வந்தார், எப்போது போனார் என்பதை நிறுவனம் தினமும் பதிந்து, நான்கு ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஷிப்ட் முடிந்ததாக அட்டையைத் தட்டிவிட்டு வந்து மேசையைக் கழுவச் சொன்னால், அந்த அரைமணி பதிவிலேயே இருக்காது. எனவே தன் கைபேசியிலும் நேரத்தைக் குறித்து வைப்பது நல்லது. கொடுக்காத கூலியைக் கேட்டு வழக்குப் போட ஓராண்டுதான் கெடு.